மாந்தோப்பு ஷாட்டில் கடைசி நாலு அடி சாஃப்ட்: ஃபோக்கஸ் புல்லர், கிளாப்பர் லோடர் வேலை பற்றி ஒரு கேள்வி

பாலக்கோட்டான்

வணக்கம். எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். மூன்று வருடமாகத் தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவுக்காகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போன மாதம் சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் குறும்படம் எடுத்தார்கள், உதவிக்குப் போயிருந்தேன். கேமராவோடு வர வேண்டிய ஃபோக்கஸ் புல்லர் கடைசி நேரத்தில் வரவில்லை. "நீ கேமரா தெரிந்த பையன்தானே, ஃபோக்கஸ் நீயே பிடி" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கிளாப் அடிப்பது, கார்டு மாற்றுவது எல்லாமும் அன்றைக்கு நான்தான்.

ஷாட் இதுதான். ஒரு பாட்டி மரத்தடியிலிருந்து கேமராவை நோக்கி நடந்து வந்து நிற்க வேண்டும். 85 எம்எம் லென்ஸ், டி2. 18 அடியில் கிளம்பி 7 அடியில் நிற்கிறார். 18, 12, 7 என்று மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து, ஃபாலோ ஃபோக்கஸ் வட்டில் கோடும் போட்டேன். 6 டேக் போனது. எல்லாவற்றிலும் முதல் பாதி நன்றாக இருக்கிறது, கடைசி நாலு அடியில் முகம் கூர்மை இல்லாமல் சாஃப்ட். நான் கையை ஒரே சீராகத்தான் சுற்றினேன். எங்கே தப்பு செய்தேன் என்று இன்னமும் புரியவில்லை.

இன்னொன்று. சென்னையில் ஒரு கேமரா வாடகை நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று சித்தப்பா மகன் கேட்கிறான். ஃபோக்கஸ் புல்லர், கிளாப்பர் லோடர் இந்த இரண்டில் முதலில் எதைக் கற்றுக்கொள்வது? எந்த வழியாகப் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பென்னாகரம் ஸ்டுடியோ

தம்பி, இப்போது எல்லா மிரர்லெஸ் கேமராவிலும் கண்ணைப் பிடிக்கிற ஆட்டோ ஃபோக்கஸ் இருக்கிறது. நான் 12 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். மணப்பெண் மேடைக்கு நடந்து வருவதை ஒரு தடவைகூட இப்போது தவறவிடுவதில்லை. இன்னும் சில வருடத்தில் ஃபோக்கஸ் புல்லர் என்று ஒரு ஆளே தேவைப்பட மாட்டார். அதைக் கற்றுக்கொள்வதற்குப் பதில் எடிட்டிங் கற்றுக்கொள்.

---

மாந்தோப்பு

லோடர் வேலைக்கு லைசென்ஸ் கேட்பார்களா? என் தம்பி காவேரிப்பட்டணத்தில் மண்டியில் லோடு ஏற்றுகிற வேலை பார்க்கிறான். நல்ல உடம்பு. சினிமா வண்டியில் சாமான் ஏற்றி இறக்க ஆள் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

---

அரூர் ஃபோக்கஸ்

மாந்தோப்பு அண்ணா, இங்கே லோடர் என்பது பாரம் ஏற்றுகிற ஆள் இல்லை. ஃபிலிம் இருந்த காலத்தில் கேமராவின் மேலே மேகசின் என்று ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஃபிலிம் சுருளை வெளிச்சம் படாமல் ஏற்றுகிறவர்தான் லோடர். துணிப்பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமலே செய்ய வேண்டும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூட ஓடாது, அதனால் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருப்பார். அந்தப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. தம்பிக்கு வேண்டியது அவுட்டோர் யூனிட் வேலை, அது தனி.

பாலக்கோட்டான் தம்பி, நான் அரூர் பக்கம்தான். 14 வருடமாகச் சென்னையில் கேமரா டிபார்ட்மெண்டில் இருக்கிறேன், அதில் 9 வருடம் ஃபோக்கஸ் மட்டும். நீ அளந்ததில் தப்பில்லை. "ஒரே சீராகச் சுற்றினேன்" என்று எழுதியிருக்கிறாய், தப்பு அங்கேதான்.

உன் வட்டில் போட்ட மூன்று கோட்டையும் ஞாபகப்படுத்திப் பார். தரையில் 18-லிருந்து 12 வரை 6 அடி. 12-லிருந்து 7 வரை 5 அடிதான். ஆனால் லென்ஸ் வளையத்தில் இரண்டாவது இடைவெளி முதல் இடைவெளியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்திருக்கும். ஆள் கிட்டே வர வர, ஒவ்வொரு அடிக்கும் வளையம் அதிகமாகத் திரும்ப வேண்டும். பாட்டி ஒரே வேகத்தில் நடந்தால் உன் கை வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும். நீ முதல் பாதியின் வேகத்திலேயே சீராகச் சுற்றியதால், பாட்டி 9 அடிக்கு வந்துவிட்டபோது ஃபோக்கஸ் இன்னும் பின்னால் 10 அடியில் நின்றிருக்கும்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 85-ல், டி2-வில், சூப்பர் 35 சென்சார் என்று வைத்துக்கொண்டால், 18 அடியில் உனக்குக் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் மொத்தம் 16 இன்ச் சுமார். 12 அடியில் அது 7 இன்ச். 7 அடியில் இரண்டரை இன்ச்தான். மூக்கு நுனியிலிருந்து காது வரைகூட வராது. முதல் பாதியில் நீ கொஞ்சம் தப்பியது வெளியே தெரியவில்லை, அந்த 16 இன்ச் மறைத்துவிட்டது. கடைசியில் மறைக்க ஒன்றும் இல்லை.

உறுதி செய்ய வேண்டுமா? அந்த டேக்கை நிறுத்திப் பெரிதாக்கிப் பார். பாட்டிக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி இருக்கிற தரைச் சருகு கூர்மையாக இருக்கிறதா என்று பார். இருந்தால் நீ பின்னால் தங்கியிருக்கிறாய்.

---

பாலக்கோட்டான்

அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். முகம் சாஃப்ட், ஆனால் பாட்டி தாண்டி வந்த சருகும் ஒரு கல்லும் அப்படியே தெளிவாக இருக்கின்றன. ஒரு டேக்கில் மட்டும் அது இல்லை. அதில் பாட்டி 7 அடி மார்க்கில் நிற்காமல் இன்னும் அரை அடி முன்னால் வந்து நின்றார்.

---

அரூர் ஃபோக்கஸ்

அதுவும் நடக்கும். நடிகரைக் குறை சொல்லாதே, அவர் வசனத்தை நினைத்துக்கொண்டு வருவார், காலைப் பார்த்துக்கொண்டு வர முடியாது. அதற்காகத்தான் நாங்கள் மார்க்கை மட்டும் அளந்துவிட்டு நிற்பதில்லை. சுற்றி இருக்கிற பொருளையும் அளந்து வைப்போம். உன் தோப்பில் நான் இருந்திருந்தால், வரப்பு ஓரம் 9 அடி, அந்தக் கல் எட்டேகால், தரையில் கிடக்கிற கிளை ஆறரை என்று மனதில் போட்டிருப்பேன். பாட்டி கிளையைத் தொட்டு நின்றால் மார்க் தாண்டிவிட்டார் என்று தெரியும், கை அங்கே போய்விடும்.

அளப்பது எப்போதும் கேமராவின் பக்கத்தில் வட்டத்தைக் கோடு வெட்டுகிற மாதிரி ஒரு குறி இருக்கும், அங்கிருந்துதான். சென்சார் இருக்கிற தளம் அது. லென்ஸ் முனையிலிருந்து அளந்தால் எல்லாம் தப்பாகப் போகும். மறுமுனை ஆளின் கண்ணுக்கு நேராக வர வேண்டும், காலுக்கு இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாய் என்பதால் இரும்பு டேப் வேண்டாம், துணி டேப் வை. லேசர் மீட்டர் என்றால் ஆள் முகத்தை நோக்கி அடிக்கவே கூடாது.

பென்னாகரம் அண்ணனுக்கு ஒன்று. ஆட்டோ ஃபோக்கஸ் கல்யாணத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்துக்கு வருகிற சினி லென்ஸ் பெரும்பாலும் கையால் திருப்புகிற லென்ஸ்தான், உள்ளே மோட்டாரே இருக்காது. அப்புறம், கேமராவுக்குக் கதை தெரியாது. மகன் பேசும்போது பின்னால் நிற்கிற அம்மாவின் முகத்துக்கு எந்தச் சொல்லில் போக வேண்டும், எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை ஒரு ஆள்தான் முடிவு செய்கிறான்.

---

பென்னாகரம் ஸ்டுடியோ

சினி லென்ஸில் மோட்டார் இல்லை என்பது நான் யோசிக்காத விஷயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெனு வழியாக எந்த முகம், எவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொடுக்கிற வசதியும் இப்போது வந்துவிட்டது. சின்ன பட்ஜெட் வேலையில் ஆள் குறையத்தான் செய்வார்கள் என்பதில் நான் மாறவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒகேனக்கலில் பரிசலில் ஒரு ஜோடியை வைத்து எடுத்தேன். மானிட்டரில் முதலில் சரியாக இருந்தது, அருவிப் பக்கம் போனதும் எல்லா ஷாட்டும் சாஃப்ட். ஃபோக்கஸை எப்படித் திருப்பினாலும் வரவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கே கொடுத்தேன், ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது என்ன?

---

ஓசூர் மலர்

அண்ணா, அது சாரல். நான் ஓசூரிலிருந்து பெங்களூர் போய் வேலை பார்க்கிற கேமரா அசிஸ்டெண்ட், 5 வருடம் ஆகிறது. அருவிச் சாரல் ஃபில்டர் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக உட்கார்ந்துவிடும். ஃபோக்கஸ் தப்பியிருந்தால் ஃப்ரேமில் முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒரு இடம் கூர்மையாக இருக்க வேண்டும். எங்குமே கூர்மை இல்லை, வெளிச்சமான இடத்தைச் சுற்றிப் பால் கரைந்த மாதிரி ஒரு வெளுப்பு இருக்கிறது என்றால் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரே திசையில் இழுத்த மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் அது அசைவு, ஃபோக்கஸ் இல்லை.

அந்த மாதிரி இடத்தில் டேக் முடிகிற நேரமெல்லாம் டார்ச்சைச் சாய்வாக அடித்து ஃபில்டரைப் பார்ப்பது இரண்டாவது அசிஸ்டெண்டின் வேலை. கிளாப்பர் லோடர் என்று பாலக்கோட்டான் கேட்கிற ஆள் அவர்தான்.

அரூர் அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து. டேப் எல்லாம் குறைந்துகொண்டு வருகிறது. நாங்கள் பெரும்பாலும் வயர்லெஸ் ஃபாலோ ஃபோக்கஸ் வைத்துக்கொண்டு தனி மானிட்டரைப் பார்த்தே பிடிக்கிறோம். கேமரா கிம்பலில் ஓடும்போது யார் டேப் பிடிப்பது? புதிதாக வருகிற பையன் மானிட்டர் பார்த்துப் பிடிக்கப் பழகினால் சீக்கிரம் வேலைக்கு ஆவான்.

---

அரூர் ஃபோக்கஸ்

மலர், கிம்பலில் நானும் மானிட்டர்தான் பார்க்கிறேன். ஆனால் சாஃப்ட் என்று மானிட்டரில் தெரிகிற நேரத்தில் அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. முன்னாலா பின்னாலா என்றும் படம் உடனே சொல்லாது, ஒரு பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தேடல் திரையில் தெரியும். கண்ணுக்குத் தூரம் பழகியவன் மானிட்டர் பார்த்தால் அது அவனுக்குச் சரிபார்க்க உதவும். தூரம் தெரியாதவன் அதைத் துரத்திக்கொண்டே இருப்பான். என் கருத்து இது.

---

ஓசூர் மலர்

நல்ல மானிட்டரில், கூர்மையான விளிம்பை நிறம் போட்டுக் காட்டுகிற பீக்கிங் இல்லாமல் பழகினால் துரத்தல் குறைகிறது, நான் பார்த்திருக்கிறேன். இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன் அண்ணா.

---

சவுண்டு சேலம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஒலிப்பதிவு. தருமபுரி, சேலம் பக்கம் குறும்படங்களுக்கு வருவேன். கிளாப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு படத்தில் ஒன்றரை நாள் பதிவை எடிட்டில் ஒட்டவே முடியவில்லை. கிளாப் அடித்த பையன் பலகையை ஃப்ரேமுக்குள் காட்டி, கேமரா ஓடுவதற்கு முன்பே அடித்துவிடுவான். அல்லது எண்ணைச் சொல்லிக்கொண்டே அடிப்பான், சத்தம் குரலுக்குள் மூழ்கிவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது, ஒரு ஃப்ரேம் என்பது 42 மில்லி செகண்ட். இரண்டு கட்டையும் சேர்கிற அந்த ஒரு ஃப்ரேமும், சத்தத்தின் முதல் முனையும்தான் எடிட்டருக்கு வேண்டும்.

முதலில் எண்ணைச் சொல். "சீன் 24, ஷாட் 3, டேக் 2." நான் ஸ்பீடு என்று சொன்ன பிறகு, கேமராக்காரர் ரோலிங் என்று சொன்ன பிறகு, ஒரு மூச்சு நிறுத்தி அடி. அடித்த இடத்திலேயே பலகையை அரை நொடி அசையாமல் பிடி. க்ளோஸ் அப்பில் நடிகர் முகத்துக்கு முன்னால் என்றால் மெதுவாகத் தட்டு, என் மைக்குக்கு அது போதும். ஆரம்பத்தில் அடிக்க முடியாத ஷாட் என்றால் கடைசியில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடி. தலைகீழாக இருப்பதைப் பார்த்தாலே இது முடிவுக் கிளாப் என்று எடிட்டருக்குத் தெரியும்.

---

பாலக்கோட்டான்

அண்ணா, நான் அன்று எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் அடித்தேன். எடிட்டர் என்ன பாடு பட்டாரோ.

கார்டு விஷயத்திலும் ஒன்று நடந்தது, சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டு கார்டு சட்டைப் பையில் இருந்தது. எது காப்பி ஆனது, எது ஆகவில்லை என்று எனக்கே குழம்பிவிட்டது. நல்லவேளை, ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால் கேமராவில் போட்டுப் பார்த்தேன், காலையில் எடுத்தது உள்ளே இருந்தது.

---

ஓசூர் மலர்

தம்பி, அந்த இடத்தில்தான் இந்த வேலை முழுக்க இருக்கிறது. நான் முதல் வருடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கேமராவிலிருந்து எடுத்த கார்டு சட்டைப் பைக்குப் போகவே கூடாது. எடுத்த உடனே சிவப்பு டேப் ஒட்டி, அதன் மேல் ரோல் எண்ணை எழுது. பெரிய கேமராக்களில் கிளிப் பெயர் `A001C003` என்கிற மாதிரி வரும். A என்பது எந்தக் கேமரா, 001 எந்தக் கார்டு ரோல், C003 மூன்றாவது கிளிப். டேப்பில் `A001` என்று எழுதினால் போதும். அதை டேட்டா பார்க்கிறவர் கையில் நேராகக் கொடு, மேசையில் வைத்துவிட்டு வராதே. அவர் இரண்டு டிரைவில் காப்பி எடுத்து, காப்பியும் மூலமும் ஒன்றுதான் என்று சரிபார்த்துவிட்டு, தன் கையால் சிவப்பைக் கிழித்துப் பச்சை ஒட்டித் தருவார். பச்சை இல்லாத கார்டை நீ ஃபார்மேட் செய்யக் கூடாது. இயக்குநரே வந்து அவசரம் என்று சொன்னாலும் செய்யக் கூடாது.

ஆள் குறைந்த குறும்படத்தில் டேட்டா பார்ப்பதும் நீயாகத்தான் இருப்பாய். அப்போதும் இதே டேப் முறைதான். கிளிப் எண்ணிக்கையை நோட்டில் எழுதி, டிரைவில் அதே எண்ணிக்கை வந்ததா, கடைசிக் கிளிப் முழுதாக ஓடுகிறதா என்று பார்.

---

அரூர் ஃபோக்கஸ்

மலர் சொன்னது நூற்றுக்கு நூறு. தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை ஒன்று சேர்க்கிறேன். புத்தகத்தில் கிளாப்பர் லோடர் ஒரே ஆள். நம்மிடம் கிளாப் பெரும்பாலும் உதவி இயக்குநர் கையில் இருக்கும். கார்டு, பேட்டரி, லென்ஸ் பெட்டி, ஃபில்டர், மார்க் வைப்பது எல்லாம் கேமரா அசிஸ்டெண்ட். அதனால் கிளாப்பர் லோடர் வேலை என்று கேட்டுக்கொண்டு போனால் உனக்குப் பதில் கிடைக்காது, கேமரா அசிஸ்டெண்ட் என்று கேள்.

உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வழி இருக்கிறது, அவை இரண்டு வேறு இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. வாடகை நிறுவனத்தில் சேர்ந்தால், கேமரா வெளியே போகும்போது கூடவே போகிற ஆளாக ஆரம்பிப்பாய். முதல் பல மாதம் பெட்டி துடைப்பது, கேபிள் சுற்றுவது, திரும்பி வந்த சாமானை எண்ணுவது. ஆனால் பத்து விதமான கேமராவும் லென்ஸும் கையில் ஓடும். அந்த வழியில் நல்ல ஃபோக்கஸ் புல்லர் ஆகலாம், நான் அப்படித்தான் வந்தேன். ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் அது ஒளிப்பதிவாளர் ஆகிற வழி. அங்கே லைட், ஃப்ரேம் பேச்சு அதிகம், ஃபோக்கஸ் வளையத்தைத் தொடுகிற வாய்ப்பு குறைவு. உனக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போ.

வாடகை நிறுவனத்தில் லென்ஸ் டெஸ்ட் நடக்கும்போது பக்கத்தில் நில். சார்ட்டை 6 அடியில் வைத்து, படத்தைப் பெரிதாக்கி ஃபோக்கஸ் செய்து, லென்ஸ் மேல் பொறித்த எண் 6-ல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு லென்ஸ் மட்டும் தள்ளி நின்றால் அந்த லென்ஸில் கோளாறு. எல்லா லென்ஸும் ஒரே பக்கம் தள்ளி நின்றால் கேமராவின் மவுண்டில் கோளாறு. இதை ஷூட்டுக்கு முன்னால் கண்டுபிடிக்காவிட்டால், ஸ்பாட்டில் உன் கை மேல்தான் பழி விழும்.

பெரிய படங்களில், திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் இணைந்த சங்கங்களின் உறுப்பினர் அட்டை கேட்பார்கள். முதல் நாளே அது வேண்டாம். அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதே. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு இடைத்தரகரிடம் கொடுத்து ஏமாந்தான். நேராகச் சங்க அலுவலகத்தில் விதிமுறை கேட்டுக்கொள்.

---

கிருஷ்ணகிரி அம்மா

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கணக்கில் பலவீனம். கேமரா மேல் ஆசை. இந்த அடி, இன்ச் எல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. காலேஜில் சேர்த்தால் நல்லதா, இந்தத் தம்பி மாதிரி நேராக வேலைக்கு அனுப்புவதா?

---

அரூர் ஃபோக்கஸ்

அம்மா, ஸ்பாட்டில் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆழம் எவ்வளவு என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தூரம் பழக வேண்டும், அது வேறு திறமை. சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஒளிப்பதிவுக்குத் தனிப் படிப்பு உண்டு. பிளஸ் டூவில் எந்தப் பாடம் வேண்டும் என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒளிப்பதிவாளர் ஆக வேண்டும் என்றால் படிப்பது நல்லது.

---

ஓசூர் மலர்

பாலக்கோட்டான், சென்னை மட்டும்தான் என்று நினைக்காதே. உனக்கு பெங்களூர் பாதித் தூரம்கூட இல்லை. அங்கே கன்னடப் படமும் விளம்பரப் படமும் நிறைய. விளம்பரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வேலை, ஒரு வருடத்தில் பல டீமைப் பார்த்துவிடலாம். கன்னடம் கொஞ்சம் பேச வர வேண்டும், அவ்வளவுதான்.

---

அரூர் ஃபோக்கஸ்

விளம்பரத்தில் ஒரு நாளில் எடுப்பது குறைவு, ஒத்திகை அதிகம். படத்தில் 40 நாள் ஒரே டீமோடு நின்றால்தான் கை பழகும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வாரம் ஒரு முறை வர வேண்டிய நிலைமை இருக்கிறவனுக்கு மலர் சொல்வது சரி. அது தம்பியின் வீட்டைப் பொறுத்தது.

---

பாலக்கோட்டான்

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் ஊரை இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டில் பழக என்ன செய்யலாம்? என் மிரர்லெஸ் லென்ஸில் வளையம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோடு போட்டால் அடுத்த முறை அது அங்கே நிற்பதில்லை.

---

அரூர் ஃபோக்கஸ்

அந்த வளையத்துக்கும் உள்ளே இருக்கிற கண்ணாடிக்கும் நேர்த் தொடர்பு இல்லை. வேகமாகச் சுற்றினால் ஒரு தூரம், மெதுவாகச் சுற்றினால் வேறு தூரம் போகும். பழைய மேனுவல் 50 எம்எம் ஒன்று, இரண்டு பக்கமும் முட்டி நிற்கிற வளையம் உள்ளதாக, ஒரு அடாப்டரோடு வாங்கு. வளையத்தைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, 18, 12, 7 மூன்றையும் அளந்து கோடு போடு. கேமரா இல்லாத நேரத்தில் துணி டேப் மட்டும் பையில் வை. டீக்கடையில் உட்கார்ந்து எதிரில் இருக்கிற தூண் எத்தனை அடி என்று முதலில் வாய்விட்டுச் சொல், அப்புறம் அள.

---

பாலக்கோட்டான்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தருமபுரியில் ஒருவரிடம் பழைய 50 கிடைத்தது. மொட்டை மாடியில் கோடு போட்டேன். டேப்பில் 18-க்கும் 12-க்கும் நடுவில் மூன்றரை மில்லிமீட்டர், 12-க்கும் 7-க்கும் நடுவில் 7 மில்லிமீட்டர். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு மடங்கு. தங்கையை நடக்கவிட்டு, கடைசியில் கையை வேகப்படுத்தினேன். பத்து முறையில் ஆறு முறை கண் கூர்மையாக வந்தது. மீதி நாலில் முன்னால் போய்விட்டேன், தங்கை நிற்கிறதுக்கு முன்பே என் கை 7-க்குப் போய்விடுகிறது.

தூரம் சொல்வதில் 10 அடிக்குள் அரை அடிதான் தப்புகிறது. 15 தாண்டினால் இரண்டு அடி வரை தப்புகிறது.

---

அரூர் ஃபோக்கஸ்

15 தாண்டிய தப்பைப் பற்றி இப்போது கவலைப்படாதே, அங்கே ஆழம் ஓரளவு உன்னைக் காப்பாற்றும். 10-க்குள் அரை அடியை இரண்டு இன்ச் ஆக்கு. முன்னால் போவதற்குக் காரணம், நீ கோட்டைப் பார்க்கிறாய். நடக்கிறவரின் இடுப்பைப் பார். நிற்கப் போகிற ஆளின் கடைசிக் காலடி மெதுவாகும், அது இடுப்பில் முதலில் தெரியும். அடுத்த முறை தங்கையிடம் மார்க்கே சொல்லாதே, அவள் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும்.